நட்சத்திரத்தைப் பார்த்து வேலைக்குச் சேராதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது ஆள். புது வேலையில் சேர்ந்து ஆறே மாதம், சம்பளம் நின்றுவிட்டது. "சேர்வதற்கு முன்னால் விசாரிக்கவில்லையா?" என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ரேட்டிங் 4.3 இருந்ததே, சார்."

வேலை மாறுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதற்கு முன் பல வருடம் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று மதிப்பிடும் வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அவர்கள் பார்த்தது, நிறுவனத்தின் பொருளுக்கு வாடிக்கையாளர்கள் இணையத்தில் போட்ட நட்சத்திரங்களின் சராசரி. அது கடந்த காலத்தின் கணக்கு. ஒரு பொருளுக்கு 2,000 விமர்சனங்கள், சராசரி 4.4 என்று வையுங்கள். நிறுவனம் தள்ளாடத் தொடங்கியபின் 100 பேர் கோபத்தில் சராசரியாக 2 நட்சத்திரம் போடுகிறார்கள். புதிய சராசரி எவ்வளவு? கிட்டத்தட்ட 4.3. நூறு பேர் கத்தியும் ஊசி லேசாகத்தான் அசைந்தது. நீங்கள் பார்த்தது அந்த எண்ணைத்தான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, வாக்கியங்களைப் படியுங்கள்.

மூன்றாவதாக வந்த தம்பியை அருகில் உட்காரவைத்து, அவர் சேர்ந்த நிறுவனத்தின் பழைய விமர்சனங்களைத் தேதிவாரியாகப் படித்தோம். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் நிறுவனம். அவர் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பு வந்த புகார்கள்: சத்தம் அதிகம், தண்ணீர் மெதுவாக வருகிறது, மூடி உடைந்துவிட்டது. இவை பொருளைப் பற்றிய புகார்கள். இப்படிப்பட்ட புகார்களோடு எத்தனையோ நிறுவனங்கள் நன்றாக நடக்கின்றன.

சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பு பேச்சு மாறுகிறது. "ஆர்டரை ரத்து செய்தேன், ஏழு நாளில் பணம் வரும் என்றார்கள், மூன்று வாரம் ஆகிவிட்டது." அடுத்த மாதம் அதே புகாரில் 45 நாள். அப்புறம் "ஃபில்டர் ஸ்டாக் இல்லை என்கிறார்கள்". கடைசியில் ஒருவர் எழுதியிருந்தார்: "சர்வீஸுக்கு வந்தவரே, 'எங்களுக்குக் கம்பெனி பணம் தரவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்." இதைப் படித்ததும் தம்பி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய பணமும் உங்கள் சம்பளமும் பெரும்பாலும் ஒரே கையிருப்பிலிருந்துதான் போகின்றன. பணம் குறையும்போது, யாரைக் காக்கவைத்தால் தொல்லை குறைவோ அவரைத்தான் முதலில் காக்கவைப்பார்கள். தனித்தனியாக இருக்கும் வாடிக்கையாளர், பிறகு சரக்கு தருபவர், ஒப்பந்தத்தில் சர்வீஸ் செய்பவர். ஊழியரின் முறை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ஆகவே பணம் திரும்பத் தாமதமாகும் புகார்கள் கூடிக்கொண்டே போனால், அது உங்களுக்கு முன்கூட்டியே வந்த தகவல்.

அதே மாதங்களில் அந்த நிறுவனம், மூன்று வருட சர்வீஸ் ஒப்பந்தத்தை முழுப் பணமும் முன்னால் கட்டினால் பாதி விலை என்று விளம்பரம் செய்திருந்தது. நிறுவனம் வேகமாக வளர்கிறது என்று தம்பி எடுத்துக்கொண்டார். தனியாக வந்தால் அது வெறும் விற்பனை உத்தியாக இருக்கலாம். பணம் திரும்பவில்லை என்ற புகாரோடு சேர்ந்து வந்தால், நாளை கிடைக்க வேண்டிய காசை இன்றே வாங்கிச் செலவழிக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அதற்காக எல்லாப் புகாரையும் கண்டு பயப்படாதீர்கள். டெலிவரி தாமதம் வேறு சங்கதி. விற்பனை திடீரென்று கூடினாலும் அது நடக்கும். அப்போது "தாமதமானாலும் வந்துவிட்டது" என்ற வரிகளும் கூடவே இருக்கும். புகாரின் மொத்த எண்ணிக்கையை இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பிடுவதும் வீண், பெரிய நிறுவனத்துக்குப் புகாரும் அதிகம்தான் வரும். அதே நிறுவனத்தின் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டே நாளில் குவிந்த ஒருவரிப் பாராட்டுகளையும் வசவுகளையும் தள்ளிவிடுங்கள். தேதி, தொகை, யாரிடம் பேசினார் என்ற விவரம் உள்ளவற்றை எடுங்கள். கடைசி ஆறு மாதத்தில் அப்படி ஐம்பது கிடைத்தால் போதும், ஒரு மாலை நேர வேலை. பணம், உதிரிபாகம், பொருளின் குறை என்று மூன்றாகப் பிரித்து மாதவாரியாக எண்ணிப் பாருங்கள்.

லாபத்தில் ஓடும் நிறுவனமும் ஒரு பிரிவை மூடி ஆட்களை அனுப்பும். அதை இந்த வழியில் பிடிக்க முடியாது. நிறுவனங்களுக்கு மட்டும் விற்பவர்களைப் பற்றியும் பொதுவெளியில் அதிகம் எழுதப்படுவதில்லை, அங்கே அவர்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் விசாரியுங்கள்.

பணப் புகார் கூடுவது தெரிந்தால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ரத்தான ஆர்டருக்கு இப்போது எத்தனை நாளில் பணம் போகிறது?" பணம் திரும்பத் தரும் வேலையைப் பார்ப்பவருக்கு அந்த எண் தெரிந்திருக்கும். உங்களிடம் பேசுபவருக்குத் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வரும்வரை, இப்போது இருக்கும் வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.