முதலில் பிரேம், அப்புறம்தான் லென்ஸ்: ஒரு சோடாபுட்டி எஸ்டிமேட்

போன மாதம் தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வேறொரு கடையில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் சீட்டை மேஜையில் வைத்தார் அப்பா.

“பவர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க சார். பாப்பா சோடாபுட்டி மாதிரி வேணாம்னு சொல்லிச்சு. அதான் இவ்ளோ போட்டுட்டாங்க.”

சோதித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஐந்தரை, சீட்டில் இருந்தது சரிதான். சீட்டின் மற்ற வரிகள் இப்படி: பிரேம் 2,400. 1.67 லென்ஸ் 7,800. ப்ளூ கட் 1,500. ஏ.ஆர். கோட்டிங் 900. யு.வி. 400. மொத்தம் 13,000 ரூபாய்.

சீட்டில் இல்லாத ஓர் எண்ணை நான் தேடினேன். அது பி.டி., அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். அந்தப் பெண்ணுக்கு அளந்து பார்த்ததில் 60 மி.மீ. வந்தது. அவள் தேர்ந்தெடுத்திருந்த பிரேமை போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பெரிய சதுர பிரேம். காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் 54, 18 என்று போட்டிருந்தது தெரிந்தது. 54 என்பது ஒரு பக்க லென்ஸின் அகலம், 18 என்பது மூக்குமேல் உட்காரும் பாலத்தின் அகலம். பிரச்சினை அந்த இரண்டு எண்ணில்தான் இருந்தது. 1.67-ல் இல்லை.

ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்துக்குப் போகப் போகத் தடிமன். நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். 54-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 72. பெண்ணின் பி.டி. 60. ஆக ஒவ்வொரு லென்ஸிலும் நடுப்புள்ளியை 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வைத்தாக வேண்டும். அப்படித் தள்ளினால், நடுப்புள்ளியிலிருந்து காதுப்பக்க ஓரம் வரை உள்ள தூரம் 27-க்கு பதில் 33 மி.மீ. ஆகிவிடும். அந்த ஓரத்தைத்தான் கண்ணாடியில் பார்த்து ‘சோடாபுட்டி’ என்கிறோம்.

இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. தூரம் கூடக்கூடத் தடிமன் அதே அளவில் கூடாது, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 33-ஐ 27 ஆக்கினால் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் வளைவினால் வரும் தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. லென்ஸ் பிளாஸ்டிக் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும், இண்டெக்ஸ் எனப்படும் அந்த 1.56, 1.60, 1.67 எண்கள் இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. 1.56-லிருந்து 1.67-க்கு ஏறினால் ஆறில் ஒரு பங்குதான் குறையும். 1.67-லிருந்து 1.74-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்கு. விலையோ அங்கேதான் எகிறும்.

அவர்கள் கண்முன்னாலேயே சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். பவரை தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இண்டெக்ஸில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணை 2000-ஆல் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். கூடவே நடுத் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது இண்டெக்ஸுக்கு ஏற்ப 1.1 முதல் 1.5 மி.மீ. வரை மாறும். 54 பிரேமில் 1.67 போட்டால் காதுப்பக்க ஓரம் ஏறத்தாழ 5.7 மி.மீ. அதே பிரேமில் 1.74 போட்டால் 5.1.

பிறகு எங்கள் ஷோகேஸிலிருந்து 47, 20 போட்ட ஒரு ஷெல் பிரேமை, அதாவது தடித்த பிளாஸ்டிக் பிரேமை எடுத்தேன். கூட்டினால் 67, தள்ள வேண்டியது மூன்றரை மி.மீ., ஓரத்துக்குத் தூரம் 27. இதில் சாதாரண 1.56 லென்ஸே 5.1 மி.மீ.தான் வருகிறது. பெரிய பிரேமில் விலை உச்சத்தில் இருக்கும் 1.74 தருவதை, சின்ன பிரேமில் கடையிலேயே மலிவான 1.56 தந்துவிடுகிறது. அப்பா அந்த இரண்டு 5.1-ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

சின்ன பிரேமில் 1.60 போட்டால் 4.6, 1.67 போட்டால் 4.2. இந்த நாலு பாயிண்டுக்கு எங்கள் கடை விலையிலேயே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ஷெல் பிரேமின் விளிம்பு ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனை மறைத்துவிடும் என்பதால், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அந்த நாலு பாயிண்ட் தெரியாது. மெல்லிய கம்பி பிரேம் எடுத்தால் தெரியும். 1.67-ல் இன்னொன்று: லென்ஸின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது டியூப் லைட் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் ஒட்டுவது 1.60-ஐவிட அதில் அதிகம். எல்லோருக்கும் தொந்தரவாக இருக்காது, சிலருக்கு எரிச்சலாக இருக்கும். ஐந்து, ஆறு பவருக்கு என் கை முதலில் 1.60-க்குத்தான் போகும்.

இனி கோட்டிங். அந்தச் சீட்டில் எனக்கு அதிகம் உறுத்தியது 900 ரூபாய் ஏ.ஆர். ஏ.ஆர். என்றால் வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் பூச்சு. இது தேவையில்லை என்று சொல்லவே மாட்டேன். பூச்சு இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் மேல் படும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதம் திரும்பிவிடும். இண்டெக்ஸ் கூடக்கூட இதுவும் கூடும், 1.67-ல் 12 சதவீதத்துக்குப் பக்கம். ராத்திரி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எதிரே டிரெய்லர் வரிசையாக வரும்போது இதன் அருமை புரியும். ஆனால் இதனாலேயே, 1.67 லென்ஸ் ஏ.ஆர். பூச்சோடுதான் கம்பெனியிலிருந்து வருகிறது. கடைக்காரர் தனியாகப் பூசுவதில்லை. லென்ஸ் விலையில் அது அடங்கிவிட்டது. தனி வரியாக எழுதினால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு. இன்னும் உயர்ந்த ரகப் பூச்சு, தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டாத மேல்பூச்சு என்று கூடுதல் விலை கேட்டால் அது வேறு விஷயம், அதன் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

யு.வி. 400 ரூபாயும் அப்படித்தான். 1.60, 1.67, பாலிகார்பனேட் ஆகிய லென்ஸ்களின் பிளாஸ்டிக்கே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். பூச வேண்டியது எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இந்த வரியைக் கேள்வி கேட்காமல் எழுதியிருக்கிறேன். முதலாளி எழுதச் சொன்னார், எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

ப்ளூ கட் பற்றி அந்தப் பெண்ணே கேட்டாள். “அண்ணா, அங்க லேசர் பேனா அடிச்சுக் காட்டினாங்க. சாதா லென்ஸ்ல தாண்டிப் போச்சு, ப்ளூ கட்ல நின்னுடுச்சு.”

எங்கள் டிராயரிலும் அந்தப் பேனா இருக்கிறது, லென்ஸ் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. அதை எடுத்துக் காட்டினேன். அது அடிப்பது ஊதா நிறம், சுமார் 405 நானோமீட்டர். போன் திரையின் நீல வெளிச்சம் அதிகமாக இருப்பது 450-க்குப் பக்கத்தில். ஊதாவைத் தடுக்கும் லென்ஸ் அந்த நீலத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதையும் தடுத்தால் லென்ஸ் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும், யாரும் போட மாட்டார்கள். பேனா காட்டுவது பொய் இல்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் முன் வரும் கண் சோர்வைக் குறைப்பதில், குறுகிய காலத்தில் பார்த்தவரை, ப்ளூ கட்டுக்கு சாதாரண லென்ஸைவிடப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. இலவசமாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 1,500 கொடுக்காதீர்கள் என்றேன். கண் எரிச்சலுக்கு அவள் செய்ய வேண்டியது வேறு: திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. மைனஸ் இரண்டு வரை எந்த பிரேமும் எந்த லென்ஸும் பெரிதாக வித்தியாசம் காட்டாது. எட்டு, ஒன்பது என்று போனால் சின்ன பிரேமோடு 1.67-ம் வேண்டும், அங்கே அது செலவுக்குத் தகுந்த பலன் தரும். அகன்ற முகத்தில் 47 பிரேம் இறுக்கும், காதோரம் வலிக்கும். பி.டி.யும் அகலமாக இருந்தால் பெரிய பிரேமே சரி, ஏனென்றால் தள்ள வேண்டிய தூரம் குறைவு. விளையாடும் குழந்தைக்குத் தடிமனைப் பார்க்காதீர்கள், எளிதில் உடையாத பாலிகார்பனேட் போடுங்கள். விளிம்பே இல்லாமல் திருகாணி போட்டு மாட்டும் பிரேமுக்கு 1.56 வேண்டாம். துளை போட்ட இடத்தில் கீறல் விழுந்து, நாளடைவில் அங்கேயே விண்டுவிடும்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் ஷெல் பிரேம் 1,400, ஏ.ஆர். சேர்ந்த 1.60 லென்ஸ் ஜோடி 2,900, ஆக 4,300 ரூபாய். சதுர பிரேம் கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பவரே இல்லாத டம்மி லென்ஸோடு பிரேமைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும், அதுதான் இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம்.

ஒரு வாரம் கழித்து வாங்க வந்தபோது, லென்ஸ் வந்த கவரை முதலில் கையில் கொடுத்தேன். இண்டெக்ஸ், பவர், கோட்டிங் மூன்றும் கவரில் அச்சாகியிருக்கும். 1.67-க்குக் காசு வாங்கி 1.56 மாட்டினால் வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், அதனால் கவரைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஏ.ஆர். இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். லென்ஸைச் சாய்த்து அதில் தெரியும் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலான பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு, பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. பிறகு லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்து இரண்டு நடுப்புள்ளிகளிலும் மை வைத்து, இடையே ஸ்கேல் வைத்துக் காட்டினேன். 60. இந்த பவரில் பக்கத்துக்கு 2 மி.மீ. தவறினாலே கண்ணை இழுப்பது போல இருக்கும், சாயங்காலம் தலைவலி வரும். பவர் மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி டெஸ்டுக்கு வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு இந்த இடத்தில்தான்.

வெர்னியரில் காதுப்பக்க ஓரத்தை அளந்தேன். 4.7. கணக்கைவிட ஒரு பாயிண்ட் கூட.

“தொடைக்கறதுக்கு துணி?” என்றாள்.

கொடுத்தேன். ஆனால் மணலி, எண்ணூர் பக்கத்துத் தூசியோடு உலரத் துடைத்தால் எந்தக் கோட்டிங்கும் தாங்காது, குழாயில் நனைத்து ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே துணி என்றேன். லாரி டேஷ்போர்டில் வெயிலில் வைத்தால் பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடிக்கும் என்று அப்பாவிடமும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே லென்ஸ் கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் லைசென்ஸோடு வைத்தார். அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் காட்டித்தான் விலை கேட்பாராம்.