பால் ஒத்துக்காது: லாக்டோஸ் இன்டாலரன்ஸா, பால் அலர்ஜியா?

பால் ஒத்துக்காது என்பவரிடம் தயிர் சாப்பிடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "தயிர், மோர் எல்லாம் ஒண்ணும் பண்ணாது, பால் குடிச்சாதான் வயிறு ஊதுது" என்றால் அது அநேகமாக லாக்டோஸ் இன்டாலரன்ஸ். இரண்டு வாய் தயிர்சாதத்திலேயே உதடு வீங்கி உடம்பு தடித்தால் அது பால் அலர்ஜியாக இருக்கலாம். முதலாவது சர்க்கரையால் வருவது, இரண்டாவது புரதத்தால் வருவது.

லத்தீனில் பாலுக்கு 'லாக்'. அதோடு சர்க்கரைகளுக்கு வேதியியலில் சேர்க்கும் 'ஓஸ்' என்ற விகுதி சேர்ந்து லாக்டோஸ் ஆனது. குளுக்கோஸ், சுக்ரோஸ் போல. தமிழில் பாற்சர்க்கரை. பாலில் இது ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 200 மில்லி டம்ளரில் சுமார் 10 கிராம். இதை அப்படியே குடல் உறிஞ்சாது. சிறுகுடல் சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி இதை இரண்டாக வெட்ட வேண்டும். (ஓஸ் என்றால் சர்க்கரை, ஏஸ் என்றால் நொதி. மருந்துக்கடையில் விற்கும் மாத்திரை லாக்டேஸ்.) கைக்குழந்தைக்கு இந்த நொதி நிறையச் சுரக்கும், பால்குடி மறந்த பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். வட ஐரோப்பியர் பலருக்கும், இந்தியாவின் வடமேற்கில் கணிசமானவர்களுக்கும் வயது வந்த பிறகும் அது சுரந்துகொண்டே இருக்கிறது. தெற்கே வர வர அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆக நம்மூரில் இதை நோய் என்பதே கொஞ்சம் அதிகம்.

வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். சர்க்கரையோடு தண்ணீரும் குடலுக்குள் இழுக்கப்படும். உப்புசம், கடமுடா, வயிற்றுப்போக்கு எல்லாம் இதனால்தான். அந்த வாயுவில் ஒன்றான ஹைட்ரஜன் மூச்சிலும் வெளிவரும் என்பதால், லாக்டோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, கருவியில் ஊதச் சொல்லியே இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதற்குத் தமிழில் 'லாக்டோசு சகிப்புத்தன்மையின்மை' என்று எழுதுகிறார்கள். குடல் யாரையும் சகித்துக்கொள்வதில்லை. இது அகராதியைப் பார்த்துச் செய்த சொல். நடப்பது செரிக்காமல் போவதுதான். 'பாற்சர்க்கரை செரியாமை' என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும், மருத்துவமாகவும் சரி.

அலர்ஜி கதை வேறு. வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906ல் உருவாக்கிய சொல் இது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊசியை இரண்டாம் முறை போட்டவர்களில் சிலருக்கு உடம்பு முன்னைவிட வேகமாக எதிர்வினை காட்டியதைப் பார்த்தவர், 'வேறு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் 'செயல்' என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்தார். முன்பே பழகிய ஒரு பொருளிடம் உடம்பின் எதிர்ப்பு அமைப்பு வேறுவிதமாக நடந்துகொள்வது என்று கருத்து. தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் ஒவ்வாமை. நல்ல சொல்தான். ஆனால் 'ஒவ்வு' என்றால் பொருந்து, ஒத்துப்போ என்பதுதான். அதனால் ஒத்துக்காத எல்லாமே ஒவ்வாமை ஆகிவிடுகிறது. செய்தித்தாள்களிலேயே 'லாக்டோஸ் ஒவ்வாமை' என்று வருகிறது. அப்படி ஒன்று இல்லை. இருப்பது 'பால் புரத ஒவ்வாமை'.

இந்தக் குழப்பம் எங்கே வினையாகிறது என்று பார்ப்போம். ஒரு வீட்டில் பெரியம்மாவுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும். காலம் காலமாகத் தயிரும் மோருமாகச் சமாளிக்கிறார். அதே வீட்டில் தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்த எட்டு மாதக் குழந்தைக்கு முதல்முறை பசும்பால் புகட்ட, கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து தடிக்கிறது. காணாக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு, "பால் சேரலேன்னா தயிர் குடு, எனக்கும் அப்படித்தான்" என்கிறார் பெரியம்மா. நல்லெண்ணம்தான். ஆனால் குழந்தைக்கு இந்தத் தடவை வாந்தி, இருமல், மூச்சில் இழுப்பு. இது உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலை. அங்கே முதலில் போட வேண்டிய மருந்து அட்ரினலின் ஊசி.

பெரியம்மாவுக்குத் தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது? உறை குத்தினால் பாக்டீரியா சர்க்கரை முழுவதையும் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புளிப்பு ஏற ஏற அவற்றின் வேகம் அடங்கிவிடும். குறைவது கால்வாசி, அதற்கு கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மிச்சச் சர்க்கரையைச் சமாளிப்பது அந்த பாக்டீரியாக்களே. அவற்றின் உடலுக்குள்ளும் லாக்டோஸை வெட்டும் நொதி இருக்கிறது. வயிற்று அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்ததும் பித்தநீர் பட்டு அது வெளியே கசிந்து, நம் நொதி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. தயிர் கெட்டியாக இருப்பதால் வயிற்றைவிட்டு மெதுவாக இறங்குவதும் ஒரு வசதி.

எனவே பாக்டீரியா உயிரோடு இருப்பது முக்கியம். கொதிக்க வைத்தால் அந்த உதவி போய்விடும். மோர்க்குழம்பு பொதுவாக வயிற்றைப் படுத்தாததற்குக் காரணம் அதில் சேரும் தயிரின் அளவு குறைவு என்பதுதான். நீர்மோரும் அப்படியே, தண்ணீர் விட்டுப் பெருக்கியதில் ஒரு டம்ளருக்கு எவ்வளவு சர்க்கரை வந்துவிடும்? ஏமாற்றுவது ஊருக்குக் கட்டும் தயிர்சாதம். புளிக்காமல் இருக்கப் பாலைத் தாராளமாக ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைவோமே, அதை உடனே சாப்பிட்டால் கிட்டத்தட்ட பால்சாதம்தான். தயிர் ஒத்துக்கொள்ளும், தயிர்சாதம் ஒத்துக்காது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

குழந்தையின் விஷயத்தில் இது எதுவுமே செல்லாது. பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். லத்தீனில் பாலாடைக்கட்டிக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். புளிப்பு ஏறியதும் கேசீன் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைத்தான் தயிர் தோய்ந்தது என்கிறோம். கரண்டியில் அள்ளும்போது பிளந்து நிற்கிறதே அந்தக் கட்டி, அதைக் கட்டிப் பிடித்திருப்பதே குழந்தையின் உடம்பு எதிரியாகக் கருதும் பொருள். பாக்டீரியா அதைக் கொஞ்சம் அரித்திருக்கும், ஆனால் எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு அல்ல. காய்ச்சினாலும் கேசீன் அசைவதில்லை. பனீரிலும் சீஸிலும் அது செறிவாகவே இருக்கும். நெய்யில் புரதம் துளியளவே என்றாலும், அந்தத் துளி யாருக்குப் போதும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆட்டுப்பால் தரலாமே என்பார்கள். அதன் புரதம் பசும்பால் புரதத்தை அவ்வளவு ஒத்திருப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது.

எல்லாப் பால் அலர்ஜியும் இப்படி நிமிடங்களில் கிளம்புவதில்லை. சில கைக்குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தக்கோடு மட்டும் தெரியும். தாய் குடித்த பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போயிருக்கும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் இந்த வகை தெரியாது. தாய் சில வாரம் பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். இரண்டு வகையிலும் பல குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் மீண்டும் பால் கொடுத்துப் பார்ப்பதை, முன்பு உடனே தடித்த குழந்தைக்கு வீட்டில் செய்யக் கூடாது, மருத்துவமனையில் வைத்துத்தான்.

கடைசியாக, கடையில் கிடைக்கும் 'லாக்டோஸ் ஃப்ரீ' பால். அதில் லாக்டேஸ் சேர்த்துச் சர்க்கரையை முன்பே வெட்டியிருப்பார்கள், அதனால் குடித்தால் சற்றுத் தித்திப்பாக இருக்கும். பெரியம்மா தாராளமாகக் குடிக்கலாம். புரதம் ஒரு துளியும் குறையாததால் குழந்தைக்கு அதுவும் பால்தான்.