ரசீதுக்கும் வங்கிக்கும் இடையே 15,150 ரேண்ட்

தென்னாப்பிரிக்காவில் பிப்ரவரி கடைசி நாளோடு ஆண்டுக்கணக்கை மூடும் கோயில்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. காணிக்கை மிகுதியாகப் புழங்கும் தைப்பூச வாரங்களும் கணக்கை மூடும் நாளும் ஒட்டியே வருகின்றன. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. கணக்கு மூடிய 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று மாலைப் பூசையில் வாங்கிய ரொக்கம் திங்கள்கிழமை, அதாவது மார்ச் 3ஆம் தேதிதான் வங்கிக்குப் போகும். ரசீது ஒரு கணக்காண்டிலும் வங்கி வரவு அடுத்ததிலும் விழும். ஆடிட்டர் கேள்வி கேட்க இது ஒன்றே போதும்.

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கோயில் ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஆடிட்டரிடமிருந்து ஏழாம் எண் கேள்வி வருகிறது: “பிப்ரவரி 2025 ரசீதுப் புத்தகங்களின்படி ரொக்கக் காணிக்கை 86,450 ரேண்ட். அதே மாதம் வங்கியில் கட்டிய ரொக்கம் 71,300 ரேண்ட். வேறுபாடு 15,150. விளக்கவும்.”

“திருவிழா நேரம், தொண்டர்கள்தான் பணம் வாங்கினார்கள், ஒரு சதம்கூட வீண் போகவில்லை, வங்கிக் கணக்கு முழுவதையும் இத்துடன் இணைத்துள்ளோம்” என்று பதில் எழுதுவதுதான் வழக்கம். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆடிட்டரால் இதைப் பயன்படுத்த முடியாது. அனைத்துலகத் தணிக்கைத் தரங்களின்படி, வாய்விளக்கம் மட்டும் பொதுவாகப் போதிய சான்றாகாது. அதோடு, அந்தத் தணிக்கையில் தொடர்பே இல்லாத அனுபவமுள்ள வேறோர் ஆடிட்டர் கோப்பைப் பிரித்தாலும் என்ன செய்தார்கள், எந்தச் சான்றைப் பார்த்தார்கள், என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது புரிய வேண்டும். ஆகவே நீங்கள் எழுதும் பதிலைப் படிக்கப்போகிறவர் கேட்டவர் மட்டுமல்லர். கோயிலையே பார்த்திராத ஒருவரும் அதைப் படிக்கலாம்.

பதிலின் முதல் வரியிலேயே விடை வர வேண்டும். “ஆம், 15,150 ரேண்ட் வேறுபாடு சரியே. அது மூன்று தொகைகளால் ஆனது: கணக்கு மூடிய நாளில் கையிருப்பில் இருந்த ரொக்கம் 9,800; வங்கியில் கட்டுமுன் ரொக்கமாகவே செலவான 4,600; ரத்தான ரசீது ஒன்றின் 750.” கூட்டினால் 15,150 வருகிறது. இப்படிக் கூட்டிச் சரிபார்க்காமல் எந்தப் பதிலையும் அனுப்பக்கூடாது. 15,000க்கு விளக்கம் கொடுத்து மீதி 150ஐ “சில்லறை வேறுபாடு” என்று விட்டால், அடுத்த கேள்வி அந்த 150ஐப் பற்றித்தான் வரும்.

மூன்றில் பெரியது 9,800. இதற்கு மார்ச் 3ஆம் தேதி வங்கிச் சீட்டு மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சீட்டு நிரூபிப்பது, திங்கட்கிழமை 9,800 ரேண்ட் கட்டப்பட்டது என்பதை மட்டுமே. அது பிப்ரவரிப் பணமா, மார்ச் 1ஆம் தேதி சனிக்கிழமைக் காணிக்கையைக் கொண்டு குறையை நிரப்பியதா என்று அது சொல்லாது. ஆடிட்டரின் ஐயம் இங்கேதான். ஆகவே மூன்று தாள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: 0431 முதல் 0468 வரையிலான ரசீதுகள், 28ஆம் தேதி இரவு இருவர் கையெழுத்திட்ட ரொக்க எண்ணிக்கைத் தாள், வங்கி முத்திரையுள்ள சீட்டு. மூன்றிலும் 9,800 என்றே இருக்க வேண்டும். வங்கி அறிக்கையில் அந்த வரி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் குறிப்பிடுங்கள். கோயிலே எழுதிய தாளைவிட வெளியார் தந்த தாளுக்கு ஆடிட்டர் கூடுதல் மதிப்புத் தருவார்.

எண்ணிக்கைத் தாள் இல்லையென்றால், “இல்லை” என்று எழுதிவிடுங்கள். இன்று உட்கார்ந்து பிப்ரவரி 28 என்று தேதி போட்டு ஒன்றைத் தயாரிப்பது, சின்னக் குறையைப் பெருங்குற்றமாக்கும். விளக்கக் குறிப்பு எழுதலாம். அதில் எழுதிய நாளின் தேதியே இருக்க வேண்டும்.

750 ரேண்ட் கதை எளிது. 75 என்று எழுத வேண்டிய இடத்தில் 750 என்று எழுதி, 0412ஆம் ரசீதை ரத்து செய்து, 0413இல் சரியாக எழுதியிருக்கிறார்கள். ரத்தான ரசீதின் மூலப்படி புத்தகத்திலேயே இணைக்கப்பட்டிருந்தால் விஷயம் முடிந்தது. மூலப்படி இல்லாமல் அடிக்கட்டையில் மட்டும் “ரத்து” என்று இருந்தால் ஆடிட்டர் விடமாட்டார். மூலத்தைக் காணிக்கை தந்தவரிடம் கொடுத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு, அடிக்கட்டையில் கோடு போடுவது பழைய திருட்டு வழி.

4,600 ரேண்ட் மட்டும் உண்மையிலேயே தவறு. பந்தல்காரருக்கு வங்கியில் கட்டாத காணிக்கைப் பணத்திலிருந்தே கொடுத்திருக்கிறார்கள். இதை நியாயப்படுத்தப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். “கட்டுமுன் செலவழித்தது முறையன்று. வவுச்சர் 118, பந்தல்காரரின் பில், பெற்றுக்கொண்ட கையெழுத்து ஆகியவை இணைப்பில் உள்ளன. மார்ச் முதல் எல்லாக் காணிக்கையும் முழுத்தொகையாகவே வங்கியில் கட்டப்படுகிறது” என்றால் போதும். கடைசி வாக்கியத்தை, அது உண்மையாக நடக்கிறதென்றால் மட்டுமே எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதைச் சோதிப்பார்கள்.

கணக்குப் பதிவையும் இதே பதிலில் சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் வரவு 71,300 என்று மட்டும் இருந்தால் அது குறைவு. உண்மையான வரவு 85,700: வங்கியில் 71,300, கையிருப்பு 9,800, பந்தல் செலவு 4,600. திருத்தப் பதிவின் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

இணைப்புக் கோப்புகளுக்குக் கேள்வி எண்ணையே பெயராக வையுங்கள். பதிலில் வரும் ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் அந்தக் குறி நிற்கட்டும்:

```
Q07-A_receipts_0431-0468.pdf
Q07-B_cashcount_2025-02-28.pdf
Q07-C_deposit_2025-03-03.pdf
Q07-D_receipt_0412.pdf
Q07-E_voucher_118.pdf
```

ரசீதில் “அன்னதானம்”, “பால்குடம்” என்று தமிழில் எழுதியிருந்தால், ஆடிட்டருக்குப் புரியும் மொழியில் ஒரு வரிப் பொருளைத் தனித்தாளில் கொடுங்கள். மூல ரசீதின் மேல் பேனாவை வைக்க வேண்டாம்.

கடைசியாக ஆள். “இப்படிக்கு, நிர்வாகக் குழு” என்றால் ஆடிட்டர் யாரைக் கூப்பிடுவார்? பொருளாளரின் முழுப்பெயர், பொறுப்பு, கைப்பேசி எண், மின்னஞ்சல், எந்த நேரத்தில் கிடைப்பார் என்பதை எழுதுங்கள். அன்றிரவு பணத்தை எண்ணியவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரும் வேண்டும், அவரிடம் சொல்லிவிட்டு. பெயர் போடும்போது தலைவரின் மதிப்பைப் பார்க்காதீர்கள். ரசீதுப் புத்தகம் இருக்கும் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே பொருத்தமானவர். அவர் தொலைபேசியில் எதையாவது விளக்கினால், அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும்.

இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவான கோயில், ஆண்டு முடிந்து 6 மாதத்துக்குள் நிதிநிலை அறிக்கைகளைத் தயாரிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். பிப்ரவரி முடிவென்றால் ஆகஸ்ட் கடைசி. பந்தல்காரரின் பில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லையென்றால் அதற்காக முழுப் பதிலையும் நிறுத்திவைக்காதீர்கள். 10,550க்கான விளக்கத்தையும் சான்றையும் இன்றே அனுப்பி, மீதி 4,600க்கான பில்லை யார், எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுதுங்கள்.