பழைய டைஃபாய்டு மருந்து திரும்பி வருமா? பதில் மரபணு குடியிருக்கும் இடத்தில்

எங்கள் ஆய்வகத்திலிருந்து டைஃபாய்டு ரிப்போர்ட் போகும்போதெல்லாம் மருத்துவர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் சென்சிடிவ் என்று போட்டிருக்கிறீர்கள். இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த மூன்றும் வேலையே செய்யவில்லையே? இப்போது எப்படித் திரும்பி வந்தது? இனிமேல் நம்பிக் கொடுக்கலாமா?"

நியாயமான கேள்வி. ஒரு மருந்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்தால் கிருமி மறுபடியும் அதற்குப் பணிந்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. டைஃபாய்டில் அது சில நாடுகளில் நடந்தது, சில நாடுகளில் நடக்கவில்லை. அதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று, எதிர்ப்பைத் தரும் மரபணு கிருமிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

குளோராம்பெனிகால் 1948-இல் டைஃபாய்டுக்கு வந்தது. 1972-இல் மெக்சிகோவிலும் கேரளத்தில் கோழிக்கோட்டிலும் அதற்குக் கட்டுப்படாத டைஃபாய்டு பரவியது. 1980-களின் கடைசியிலிருந்து மூன்று மருந்துகளுக்கும் ஒரே சமயத்தில் கட்டுப்படாத கிருமி ஆசியா முழுவதும் பெருகியது. அந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஐஎன்சி-எச்ஐ1 என்ற வகைப் பிளாஸ்மிடில் இருந்தது. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம். டைஃபாய்டு கிருமியின் குரோமோசோம் சுமார் 48 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம். இந்தப் பிளாஸ்மிட் சுமார் 2 லட்சம். கிருமி ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் இதையும் நகல் எடுத்துச் சுமக்க வேண்டும். மருந்து எதிரே இருக்கும்போது இந்தச் சுமை உயிர் காக்கிறது, மருந்து இல்லாதபோது வெறும் சுமைதான். 1990-களில் எல்லோரும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினோம். அப்புறம் பிளாஸ்மிட் இல்லாத கிருமிகள் இந்தியாவில் மெல்ல மெல்ல மேலோங்கின. பழைய மூன்று மருந்துகளும் இப்போது சென்சிடிவ் என்று வருவது இதனால்தான்.

ஆனால் அந்தப் பிளாஸ்மிடுக்குள் எதிர்ப்பு மரபணுக்கள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவை தாவக்கூடிய ஒரு பொட்டலத்துக்குள் இருந்தன.

இப்படித் தாவும் டி.என்.ஏ. துண்டுகளில் மிக எளியது செருகுத் தொடர். ஐஎஸ்1 என்ற செருகுத் தொடரின் நீளம் வெறும் 768 எழுத்து. டிரான்ஸ்போசேஸ் என்ற நொதியைச் செய்யும் குறிப்பு, இரண்டு முனைகளிலும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்த சிறிய எழுத்துத் தொடர், அவ்வளவுதான் அதில். நொதி இரு முனைகளையும் அடையாளம் கண்டு பிடித்து, அந்தத் துண்டை டி.என்.ஏ.வில் வேறோர் இடத்தில் செருகிவிடும். மருந்து எதிர்ப்பு எதுவும் அதில் கிடையாது. ஆனால் ஒரு மரபணுவுக்கு இரு பக்கமும் ஐஎஸ்1 உட்கார்ந்துவிட்டால், நொதி வெளிமுனைகள் இரண்டையும் பிடித்து நடுவில் உள்ளதையும் சேர்த்துத் தூக்கிவிடும். இப்படி உருவாவதுதான் கூட்டு டிரான்ஸ்போசான்.

டைஃபாய்டு பிளாஸ்மிடில் இருந்த பொட்டலம் இந்த வகை. வெளியே இரண்டு ஐஎஸ்1. உள்ளே குளோராம்பெனிகாலைச் செயலிழக்கச் செய்யும் மரபணு. அதன் பக்கத்தில் டிஎன்21 என்ற இன்னொரு டிரான்ஸ்போசான், அதற்குள் கோட்ரைமாக்சசோலை முறியடிக்கும் மரபணுக்கள். அதற்குள்ளும் இன்னொன்று நுழைந்து ஆம்பிசிலினுக்கான மரபணுவைக் கொண்டு வந்திருக்கிறது. பாதரசத்தைத் தாங்கும் மரபணுக்கள்கூட டிஎன்21-இல் உண்டு. எந்த நோயாளிக்கும் நாம் பாதரசம் கொடுப்பதில்லை, இருந்தும் அவையும் சேர்ந்தே பயணிக்கின்றன. மூன்று மருந்துகளின் எதிர்ப்பும் ஒன்றாக வந்ததற்கும் ஒன்றாகப் போனதற்கும் இந்த அடுக்குதான் காரணம்.

சில கிருமிகளில் இந்தப் பொட்டலம் முழுசாகப் பிளாஸ்மிடிலிருந்து குரோமோசோமுக்குத் தாவிவிட்டது. எச்58 என்ற டைஃபாய்டு வம்சத்தில், குரோமோசோமின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இது நடந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வாடகைக்கு வந்தவர் தன் பெயருக்குப் பட்டா வாங்கிக்கொண்ட கதை இது. இனி பிளாஸ்மிட் தொலைந்தாலும் நஷ்டமில்லை. இரண்டு லட்சம் எழுத்துச் சுமையும் குறைந்தது, மூன்று மருந்துகளின் எதிர்ப்பும் கையிலேயே இருக்கிறது. மருந்தை எத்தனை வருடம் ஒதுக்கி வைத்தாலும் இந்தக் கிருமி அதை எளிதில் இழக்காது.

அதன் விளைவைச் சிந்து மாகாணத்தில் பார்த்தோம். 2016 நவம்பரில் பாகிஸ்தானின் ஹைதராபாத் நகரில் தொடங்கிய டைஃபாய்டு, பழைய மூன்று மருந்துகளோடு, சிப்ரோஃப்ளாக்சசின் அடங்கிய ஃப்ளோரோகுயினலோன் வகைக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படவில்லை. மரபணுத் தொடரை வாசித்தபோது, பழைய மூன்றின் எதிர்ப்பு குரோமோசோமில் பதிந்திருந்தது. அதனால் அந்தக் கிருமிக்கு ஐஎன்சி-எச்ஐ1 பிளாஸ்மிட் தேவைப்படவில்லை. அதனிடம் இருந்தது வேறொரு பிளாஸ்மிட்: ஐஎன்சி-ஒய், சுமார் 84 ஆயிரம் எழுத்து. ஈ.கோலையில் காணப்படும் பிளாஸ்மிடோடு அது நெருக்கமாக ஒத்துப்போனது. அதில் சிடிஎக்ஸ்-எம்-15 என்ற மரபணு இருந்தது. செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் நொதியைச் செய்வது இதன் வேலை.

இந்த மரபணுவின் வரலாறே தாவலின் வரலாறுதான். இதன் மூதாதை க்ளுய்வெரா என்ற, அதிகம் நோய் தராத பாக்டீரியாவின் குரோமோசோமில் இருந்தது. ஐஎஸ்-இசிபி1 என்ற செருகுத் தொடர் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதைத் தூக்கிப் பிளாஸ்மிடில் போட்டது. ஐஎஸ்1 போல இதற்கு இரு பக்கமும் நகல் தேவையில்லை. ஒரு பக்கம் இருந்தாலே போதும். தன் மறுமுனைக்கு ஓரளவு ஒத்துப்போகும் எழுத்துத் தொடர் தள்ளி எங்காவது கிடைத்தால், அதுவரை உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும். இன்னொரு காரியமும் செய்கிறது. மரபணுவை இயக்கும் வலுவான புரோமோட்டர் இதன் முனையிலேயே இருப்பதால், போய் இறங்கிய இடத்தில் நொதி அதிகமாக உற்பத்தியாகிறது. ஆக, இது வெறும் சுமைதூக்கி அல்ல. 1999-இல் புதுதில்லி மருத்துவமனையில் எடுத்த கிருமிகளில்தான் சிடிஎக்ஸ்-எம்-15 முதலில் அடையாளம் காணப்பட்டது, அப்போதே ஐஎஸ்-இசிபி1 அதன் பக்கத்தில் இருந்தது.

சரி, டைஃபாய்டில் இந்த மரபணு பிளாஸ்மிடோடு நின்றதா? இல்லை. பாகிஸ்தான், ஈராக் போன்ற நாடுகளுக்குப் போய் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் திரும்பிய நோயாளிகளின் கிருமிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். சிலவற்றில் சிடிஎக்ஸ்-எம்-15 குரோமோசோமிலேயே, அதுவும் வெவ்வேறு இடங்களில் செருகப்பட்டிருந்தது. இடம் வெவ்வேறு என்றால் ஒரே ஒரு தாவல் நடந்து அந்தக் கிருமி மட்டும் பெருகியது என்று சொல்ல முடியாது. தனித்தனியாக, பல முறை நடந்திருக்கிறது.

தாவல் நடந்ததற்குத் தடயம் உண்டு. செருகும்போது நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் நேருக்கு நேர் வெட்டாமல் சற்று விலகி வெட்டுகிறது. அந்த இடைவெளியைச் செல் நிரப்பும்போது ஒரு சின்னத் துண்டு இரட்டிக்கிறது. ஐஎஸ்-இசிபி1 என்றால் 5 எழுத்து, ஐஎஸ்1 என்றால் பெரும்பாலும் 9. உதாரணத்துக்கு இப்படி இருக்கும்:

```
முன்:   GCC TTATA GGC
பின்:   GCC TTATA [ஐஎஸ்-இசிபி1 + மரபணு] TTATA GGC
```

இரு பக்கமும் ஒரே ஐந்தெழுத்து நின்றால், மரபணு அங்கே தாவி வந்து இறங்கியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் நமது அன்றாடப் பரிசோதனைகள் எதிலும் இது தெரியாது. மருந்து தோய்ந்த டிஸ்க் வைத்துப் பார்க்கும் ரிப்போர்ட்டில், பிளாஸ்மிடில் மரபணு உள்ள கிருமியும் குரோமோசோமில் உள்ள கிருமியும் ஒரே மாதிரி 'ரெசிஸ்டன்ட்'தான். பி.சி.ஆர். மரபணு இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. இன்னொரு கிருமியோடு சேர்த்து வளர்த்து எதிர்ப்பு கைமாறுகிறதா என்று பார்க்கும் சோதனை உதவும், ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐஎன்சி-எச்ஐ1 பிளாஸ்மிட் 37 டிகிரியில் சரியாகக் கைமாறாது, 30 டிகிரிக்குக் கீழேதான் நன்றாக மாறும். வழக்கம்போல 37-இல் வைத்துவிட்டு, எதுவும் கைமாறவில்லை, ஆகவே மரபணு குரோமோசோமில்தான் என்று எழுதினால் அது தப்பாகப் போகும்.

முழு மரபணுத் தொடரை வாசித்தாலும் துண்டு எவ்வளவு நீளம் என்பது முக்கியம். 150 எழுத்துத் துண்டுகளாக வாசித்தால், 768 எழுத்துள்ள ஐஎஸ்1-இன் பல நகல்களில் எது எங்கே போகும் என்று கணினிக்குத் தெரியாது. சரியாகச் செருகுத் தொடரின் வாசலில் கோர்வை அறுந்துவிடும். பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் நீள்வாசிப்பு வேண்டும். 2015-இல் கையடக்கமான நானோபோர் கருவியால் எச்58 டைஃபாய்டின் எதிர்ப்புப் பொட்டலம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது இப்படித்தான்.

எல்லாப் பழியையும் தாவும் மரபணுக்கள் மேல் போடவும் கூடாது. நம் ஊர் டைஃபாய்டில் சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் காரணம் கிருமியின் சொந்த மரபணுவில் நிகழ்ந்த எழுத்து மாற்றம். அசித்ரோமைசின் எதிர்ப்பும் தெற்காசியாவில் முக்கியமாக அப்படித்தான் வருகிறது. அங்கே பிளாஸ்மிடும் இல்லை, தாவலும் இல்லை.

இப்போது மருத்துவர்களின் கேள்விக்கு வருகிறேன். பழைய மருந்து சென்சிடிவ் என்று வந்திருந்தால், அந்த நோயாளிக்கு அது உண்மை. கோட்ரைமாக்சசோலைப் பொருத்தமான நோயாளிக்கு யோசித்துக் கொடுக்கலாம். ஆனால் அடுத்த நோயாளிக்கு அதே முடிவைக் கல்ச்சர் இல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. குரோமோசோமில் எதிர்ப்பைப் பதித்த கிருமி ஒரு பயணியின் வயிற்றில் வந்து சேரலாம்.

காய்ச்சலோடு வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வைடால் பரிசோதனையில் எந்த மருந்து கேட்கும் என்று தெரியாது. முதல் ஊசி போடுவதற்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், குறைந்தால் கிருமி வளராமல் போகலாம். சமீபத்தில் வெளிநாடு போய் வந்திருந்தால் எந்த நாடு என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஆய்வகங்களில் இருக்கும் சக ஊழியர்களுக்கு: செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாத டைஃபாய்டு கிருமி இந்தியாவிலும் ஆங்காங்கே பதிவாகியிருக்கிறது. உங்கள் தட்டில் அப்படி ஒன்று வளர்ந்தால், ரிப்போர்ட் கொடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாமல் கிளிசராலில் உறைய வைத்து, நீள்வாசிப்பு வசதியுள்ள மையத்துக்கு அனுப்புங்கள். மரபணு எந்தப் பிளாஸ்மிடில் அல்லது குரோமோசோமின் எந்த இடத்தில் இருக்கிறது, இரு பக்கமும் அந்த ஐந்தெழுத்து நிற்கிறதா என்பதை அங்கே கேட்டு வாங்குங்கள்.