சாயா ஆச்சா? தலைக்குள் நிற்காமல் ஓடும் ஒரு டீக்கடைப் பாட்டு

செங்கோட்டை சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்வரும் ஓட்டுநர் ஒருவர் கேட்ட கேள்வி இது. புளியரைப் பக்கம் ஒரு சின்ன டீக்கடை இருக்கிறது. அதன் விளம்பரப் பாட்டை ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மாலையில் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், ராத்திரி மலை இறங்கும்வரை தலைக்குள் அதுவே ஓடுகிறதாம். “நிறுத்தணும்னு நினைச்சா இன்னும் ஜாஸ்தியா ஓடுது சார். மூளையில ஏதும் கோளாறா?” என்று கேட்டார். வீட்டில் யாரோ காத்து கருப்பு என்று சொல்லி, கையில் ஒரு கயிறும் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

மூளையில் கோளாறு எதுவும் இல்லை. பாட்டு அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நானும் அந்த வழியாகப் போகும்போது கேட்டேன், எழுதிக்கொண்டும் வந்தேன்:

சாயா ஆச்சா? சாயா ஆச்சா?
புளியரைக்கு வந்தாச்சா?
இஞ்சி தட்டி ஏலம் தட்டி
ஆத்தி வச்ச டீ ஆச்சா?
சாயா ஆச்சா? சாயா ஆச்சா?

முதல் வரியில் மலையாளத்துச் சாயா, நான்காவது வரியில் நம் டீ. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு சொல்லும் ஒரே வாயில் வருவது அங்கே இயல்பு. இந்தக் கலப்புதான் பாட்டின் உயிர் என்பது பிறகு தெரியவரும்.

முதலில், தலைக்குள் பாடுவது யார்? ஒரு போன் எண்ணைக் கேட்டுவிட்டு, எழுதத் தாள் தேடும்வரை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா? அந்தக் குரல்தான் இதையும் பாடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974-ல் முன்வைத்த நினைவு மாதிரியில் இதற்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு பேர் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் உள்காது, ஒலியைச் சிறிது நேரம் பிடித்து வைப்பவர். இன்னொருவர் உள்வாய், அது மங்குவதற்குள் மறுபடி சொல்லிப் புதுப்பிப்பவர். வாய் சொல்ல, காது கேட்க, காது கேட்டதை வாய் மறுபடி சொல்ல, ஒரு வளையமாகச் சுற்றுகிறது.

இந்த வளையத்தின் நீளம் எவ்வளவு என்பதுதான் சுவையான விஷயம். அது எண்ணிக்கையால் அளக்கப்படுவது அல்ல, நேரத்தால் அளக்கப்படுவது. இரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடியது எதுவோ, அது சிந்தாமல் சுற்றும். வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும். 1980-ல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு மொழியும் தெரிந்தவர்களே வேல்ஸ் மொழியில் குறைவான எண்களையும் ஆங்கிலத்தில் அதிகமான எண்களையும் நினைவில் வைத்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. சொல்ல ஆகும் நேரம் மட்டும்தான் வேறு.

இப்போது நம் பாட்டுக்கு வருவோம். நமக்குத்தான் ஒலியின் நேரத்தை அளக்க மாத்திரைக் கணக்கு இருக்கிறதே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ‘சாயா’ நான்கு மாத்திரை. ‘ஆச்சா’ நாலரை. ஆக மொத்தம் எட்டரை. ஆட்டோவில் வரும் வேகத்தில் அதைப் பாடி, கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ‘சாயா ஆச்சா’ ஒருமுறை சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி. இரண்டு முறை சொன்னால் இரண்டு நொடி. முதல் வரி முழுவதும் வளையத்துக்குள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. இரண்டு நொடிக்குள் அடங்கும் வரிகள் ஆயிரம் உண்டு, எல்லாமா தலைக்குள் சுற்றுகின்றன? வளையம் என்றால் வால் தலையைத் தொட வேண்டும். தொடும் இடத்தில் தடுக்கினால் சுற்று அங்கேயே நின்றுவிடும். இந்தப் பாட்டைக் கட்டியவர் வித்தையைக் காட்டியிருப்பது அந்த இடத்தில்தான்.

‘ஆச்சா’ முடிவது ‘சா’வில். ‘சாயா’ தொடங்குவதும் ‘சா’வில். இது அந்தாதி! ஒரு பாட்டின் கடைசியை அடுத்த பாட்டின் முதலாக வைத்தால் மனப்பாடம் தானாக வரும் என்று நம் புலவர்கள் கண்டுவைத்த அதே உத்தி. இதில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் சகரத்தை நாம் பெரும்பாலும் மென்மையாகச் சொல்வோம். ‘சாதம்’ என்பதில் உள்ள ‘சா’வும் ‘ஆச்சா’வின் கடைசியில் உள்ள ‘சா’வும் காதுக்கு ஒன்றல்ல. ஆனால் மலையாளத்தில் ‘சாயா’வின் முதல் எழுத்தை ‘ச்சாயா’ என்று அழுத்தித்தான் சொல்வார்கள். பாட்டிலும் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். அதனால் தமிழ் ‘ஆச்சா’வின் வாலும் மலையாளச் ‘சாயா’வின் தலையும் ஒரே ஒலி. நாக்கு இடம் மாற வேண்டியதே இல்லை. உயிர் ஒலியும் நான்கு இடத்திலும் ஆகாரம்தான், வாய் திறந்த இடத்தில் திறந்தபடி இருக்கிறது. உள்வாய்க்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. எல்லையில் உட்கார்ந்து டீ குடித்தவர் ஒருவரால்தான் இதைக் கட்டியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

அடுத்தது மெட்டு. முதல் வரி ஸ ரி க ப என்று ஏறி, ‘ஆச்சா’வை ‘ப’வில் நிறுத்துகிறது. கேள்வி கேட்கும் குரலும் அப்படித்தான் மேலே போய் நிற்கும். ஐந்தாவது வரி அடுத்த சுற்றின் தொடக்கம்தான். நடு வரிகளில் ஏறி இறங்கி, நான்காவது வரியின் ‘டீ ஆச்சா’வில் சுற்று முடிவது ‘ரி’யில். ஸ என்னும் ஸட்ஜத்துக்கு ஒரு படி மேலே. பாட்டு தெரியாதவர்கூட, ரி-யில் நின்ற பாட்டை முடிந்த பாட்டு என்று சொல்லமாட்டார். கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பது போன்ற தவிப்பு அது. அந்தக் காலை எங்கே வைப்பது? ஸ-வில்தான் வைக்க வேண்டும். அந்த ஸ எங்கே இருக்கிறது? அடுத்த சுற்றின் முதல் எழுத்தில், ‘சாயா’வின் ‘சா’வில். பாட்டை முடிக்க வேண்டுமென்றால் மறுபடி தொடங்கியாக வேண்டும். தொடங்கினால் மறுபடி ரி-யில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஓட்டுநர் நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம் கூடுதலாக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நிறுத்துவதற்கு அதில் இடமே வைக்கவில்லை.

ஆட்டோ நின்று பாடுவதும் இல்லை. பாதிப் பாட்டில் வளைவில் திரும்பிவிடுகிறது, சத்தம் அறுந்துபோகிறது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு சோதனை செய்தார்கள். மூளையை ஸ்கேன் செய்தபடி பாட்டுகளைப் போட்டு, நடுநடுவே சில நொடிகள் சத்தத்தை வெட்டினார்கள். தெரிந்த பாட்டாக இருந்தால், ஒலியே இல்லாத அந்த இடைவெளியிலும் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி வேலை செய்துகொண்டே இருந்தது. கேட்டவர்கள் முயன்று பாடவில்லை. வெட்டுப்பட்ட இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொண்டது. ஆட்டோ திரும்பிய பிறகு நம் தலைக்குள் பாடுவது இந்த நிரப்பும் வேலைதான்.

சரி, மாலையில் கேட்டது ராத்திரி எப்படித் திரும்பி வருகிறது? இரண்டு நொடி வளையம் அதுவரை தாங்காது. வேறு வேலை வந்தால் உடனே அறுந்துவிடும். பாட்டு நீண்டகால நினைவில் போய் உட்கார்ந்திருக்கிறது, ஏதாவது ஒன்று தொட்டால் எடுத்துக் கொடுக்கிறது. இங்கேயும் கடைக்காரர் கெட்டி. அந்தப் பக்கத்தில் எதிரே வருபவரைக் கேட்கும் முதல் கேள்வியே ‘டீ ஆச்சா?’ என்பதுதானே. யார் எங்கே அப்படிக் கேட்டாலும் பாட்டின் நூல் இழுபடுகிறது. மனம் சும்மா இருக்கும் நேரத்தில் இப்படிப்பட்ட பாட்டுகள் எளிதாக நுழையும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். பழகிய சாலையில் தனியாக லாரி ஓட்டுகிறவரைவிட இதற்கு வசதியான ஆள் யார்?

கடைக்காரருக்கு ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஓட்டுநரிடம் கடையின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. புளியரை என்று மட்டும் சொன்னார். பாட்டைக் கவனித்தால் காரணம் புரியும். வளையத்துக்குள் சுற்றுவது முதல் வரி மட்டும்தான், அதில் கடைப்பெயர் இல்லை. ஊர்ப்பெயராவது இரண்டாவது வரியில் வந்தது, கடைப்பெயர் பாட்டு முடிந்த பிறகு வெறும் பேச்சாக வருகிறது. யாராவது இப்படிப் பாட்டு செய்தால், கேட்ட பத்து பேரிடம் மறுநாள் முனகச் சொல்லிவிட்டு, பிறகு கடை எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முனகல் வந்து பெயர் வரவில்லை என்றால், பக்கத்துக் கடைக்கும் சேர்த்துத்தான் விளம்பரம் செய்திருக்கிறோம்.

நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை. நெடிலுக்கும் குறிலுக்கும் பொருளே மாறுகிற மொழிகளை வைத்திருக்கிறோம். ஒரே வாயில் இரண்டு மொழி பேசும் மக்கள் செங்கோட்டை முதல் ஆரியங்காவு வரை இருக்கிறார்கள். ஒரு கணினி, ஒரு ஜோடி ஹெட்போன், ஊர் ஊராகப் போக ஒரு மாணவர் இருந்தால் நல்ல ஆய்வு செய்யலாம். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு. இல்லாவிட்டால் பதில் சொல்ல கயிறு கட்டுகிறவர் வந்துவிடுகிறார். பயத்தில் இருக்கும் மனிதரிடம் காசு வாங்குவது எனக்குப் பொறுப்பதில்லை.

ஓட்டுநருக்கு இரண்டு வழி சொன்னேன். ஒன்று, சூயிங்கம். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-ல் சோதித்தபோது, சூயிங்கம் மென்றவர்களுக்குப் பாட்டு தலைக்குள் வருவது குறைந்தது. அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. தாடையும் நாக்கும் வேறு வேலையில் இருந்தால் உள்வாய்க்குச் சொல்லிப் புதுப்பிக்க முடிவதில்லை. பாக்கும் புகையிலையும் அதற்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

இரண்டாவது வழி நான் யோசித்தது, என்னிடம் மட்டும் சோதித்தது. பாட்டுக்கு முடிவு இல்லை என்றால் நாமே ஒன்று வைத்துவிடலாம். கடைசி ‘டீ ஆச்சா?’ ரி-யில் வந்து நிற்கும்போது, ஒரு படி இறங்கி, ஸ-வில் வாய்விட்டு, நீட்டி, “ஆச்சு” என்று பாடிவிட வேண்டும். கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது, தூக்கிய காலும் தரையைத் தொட்டுவிடுகிறது. எனக்கு நாலைந்து முறையில் அடங்கியது. அவர் அடுத்த லோடுக்குப் புனலூர் போய்வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.