நாலு இடத்தில் லீசிங்குக்குப் போட்டால் கிறிப் புள்ளிக்கு என்ன நடக்கும்?

காலபோகம் தொடங்க முன், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து லீசிங் அலுவலகங்களில் சனம் கூடும். லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், நெல் ஏற்ற ஒரு சின்ன லொறி என்று ஆளுக்கொரு தேவை. அந்த நேரத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "நாலு இடத்தில் போட்டு வைப்பம், எது முதலில் சரிவருதோ அதை எடுப்பம்." மழைக்கு முன் வயலில் இறங்க வேண்டியவருக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் கடன் கொடுப்பவர்கள் அந்த நாலு விண்ணப்பத்தையும் வேறு விதமாக வாசிக்கிறார்கள். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இலங்கையில் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் லீசிங் கம்பெனிகளும் தங்கள் கடன்காரர்களின் விபரங்களை இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அனுப்புகின்றன. நாங்கள் கிறிப் என்று சொல்வது அதைத்தான். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. கிறிப் யாருக்கும் கடன் கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. "கிறிப்பில் பெயர் விழுந்திட்டுது" என்று ஊரில் சொன்னாலும் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. உங்கள் கடன்கள், கட்டிய விதம், பிணை நின்ற கடன்கள் எல்லாம் ஒரு அறிக்கையாக இருக்கும். அதை வைத்து 250 முதல் 900 வரை ஒரு புள்ளி போடுவார்கள். புள்ளி கூடக் கூட நல்லது. முடிவு எடுப்பது அறிக்கையை எடுத்துப் பார்க்கும் வங்கியோ கம்பெனியோதான்.

பலருக்குத் தெரியாதது, அந்த அறிக்கையை யார், எப்போது, எதற்காக எடுத்துப் பார்த்தார் என்பதும் அறிக்கையிலேயே பதிவாகிறது என்பது. பார்த்த திகதி, புதுக் கடனுக்கா பிணையாளியைச் சரிபார்க்கவா என்ற காரணம், கேட்ட தொகை எல்லாம் வரிசையாக நிற்கும். அடுத்ததாகப் பார்ப்பவர் அதையும் பார்ப்பார்.

இந்தப் பார்வைகள் இரண்டு வகை. நீங்கள் புதுக் கடன், லீசிங் அல்லது கிரெடிட் கார்ட் கேட்டு விண்ணப்பித்து, அதன் பேரில் நிறுவனம் அறிக்கையை எடுத்தால் அந்தக் கேள்வி கடும் விசாரணை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் 'ஹாட்' என்று சொல்வது இதைத்தான். புதுக் கடனுக்கு வாய்ப்பிருக்கிறது என்ற அடையாளமாக இது எடுக்கப்படும். மற்றது மென் விசாரணை, அவர்கள் பேச்சில் 'சொப்ட்'. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது இதில் முதலாவது. ஏற்கனவே கடன் கொடுத்த வங்கி பழைய கடனை மீளாய்வு செய்யப் பார்ப்பதும் புதுக் கடனுக்கான கேள்வி அல்ல. இந்த வகைப் பார்வை நீங்கள் புதுக் கடன் தேடுகிறீர்கள் என்று யாருக்கும் சொல்லாது. "கிறிப்பைப் பார்த்தாலே புள்ளி குறையும்" என்று பயந்து சொந்த அறிக்கையை எடுக்காமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் தேவையில்லை.

சரி, நாலு இடத்தில் போட்டால் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கோடு பார்ப்போம். விசுவமடுப் பக்கம் ஒரு விவசாயி, பழைய லான்ட்மாஸ்டர் ஒன்று வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 8 இலட்சம். கையில் 2 இலட்சம். மிச்சம் 6 இலட்சத்துக்கு லீசிங் வேண்டும். வாகனம் விற்கும் இடத்தில் நின்ற முகவர் அடையாள அட்டைப் பிரதி, ஜி.எஸ். கடிதம், கமநல சேவை நிலையத்தில் வயல் பதிந்த துண்டு, வங்கிக் கணக்குக் கூற்று எல்லாம் வாங்கி, நாலு படிவத்தில் கையெழுத்தும் எடுக்கிறார். "அண்ணை, நான் பார்த்துச் செய்யிறன்" என்கிறார். அடுத்த பத்து நாளுக்குள் நாலு நிதிக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய அறிக்கையை எடுக்கின்றன. ஒவ்வொன்றிலும் தொகை 6 இலட்சம். நாலு படிவத்திலும் தம்பிதான் பிணை என்பதால், தம்பியின் அறிக்கையிலும் பிணையாளி என்ற காரணத்தோடு நாலு பதிவு ஏறுகிறது.

இரண்டு கம்பெனிகள் வயல் தூரம் என்று விட்டுவிடுகின்றன. ஒன்று வட்டியைக் கூட்டிச் சொல்கிறது. மற்றது பதிலே சொல்லவில்லை. அப்புறம் அவர் தன் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போகிறார், அதாவது முதலே போயிருக்க வேண்டிய இடத்துக்கு. வங்கி அதிகாரி அறிக்கையைத் திறக்கிறார். பத்து நாளில் நாலு கேள்வி, நாலும் 6 இலட்சம், ஆனால் புதுக் கடன் ஒன்றும் பதிவில் இல்லை.

அதிகாரியின் மனதில் இரண்டு எண்ணம் வரும். நாலு பேரும் இவரை மறுத்திருக்கலாம், அவர்கள் கண்ட குறையை நான் காணவில்லை என்பது ஒன்று. மற்றது இன்னும் பாரமானது. நாலு பேரில் சிலர் கடனைக் கொடுத்தே விட்டிருக்கலாம், அது இன்னும் அறிக்கைக்கு வரவில்லை. நிறுவனங்கள் தங்கள் கடன் விபரங்களைப் பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறைதான் கிறிப்புக்கு அனுப்புகின்றன. நேற்று எடுத்த கடன் இன்று அறிக்கையில் இராது, ஆனால் நேற்று நடந்த கேள்வி உடனே இருக்கும். அந்த இடைவெளியில் எத்தனை கடன் ஒளிந்திருக்கிறது என்பதை அதிகாரியால் அறிய முடியாது. 6 இலட்சத்துக்கு வருட வட்டி 20 வீதம், 36 மாதம் என்று போட்டால் மாதத் தவணை 22,000 ரூபாய் சுமார் வரும். நாலையும் எடுத்திருந்தால் மாதம் 90,000 ரூபாய்க்குக் கிட்ட. நெல் விற்றுத்தான் கட்ட வேண்டிய ஒருவருக்கு அது தாங்காத தொகை. அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள அதிகாரிக்கு விருப்பம் இராது.

புள்ளி குறைவதற்கும் அடிப்படை இதுதான். குறுகிய காலத்தில் பல இடத்தில் புதுக் கடன் தேடியவர்கள், தேடாதவர்களைவிடக் கூடுதலாகத் தவணை தவறியிருக்கிறார்கள் என்பதைப் பழைய கடன்காரர்களின் தரவுகள் காட்டுவதால், புள்ளி போடும் முறைகள் அந்தத் தேடலையே ஒரு ஆபத்துக் குறியாக எடுக்கின்றன. உங்கள் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது கணக்குக்குத் தெரியாது.

இதன் அளவையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஃபைகோ என்ற புள்ளி போடும் முறையில் ஒரு கடும் விசாரணைக்குப் பெரும்பாலானவர்களுக்கு 5 புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும். அந்தப் பதிவு அறிக்கையில் 2 வருடம் நின்றாலும், புள்ளிக்குக் கணக்கெடுப்பது கடைசி 12 மாதத்தை மட்டும். தவணை தவறுவதோடு ஒப்பிட்டால் இது சின்னக் காயம். ஆனால் கடன் வரலாறு குறைந்தவருக்கு அதே கேள்வி கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் அவரைப் பற்றிச் சொல்ல அறிக்கையில் வேறு எதுவும் இல்லை. வன்னியில் இதுதான் என் பெரிய கவலை. போருக்குப் பிறகு, மீள்குடியேறியபின்தான் இங்கே பலருக்கு முதல் வங்கிக் கடனே கிடைத்தது. ஒரு பயிர்க் கடன், ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங், அவ்வளவுதான் முழு வரலாறும். அதற்குப் பக்கத்தில் நாலு கேள்வி வந்து நின்றால், பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த நாலும்தான்.

வெளிநாட்டிலிருந்து போனில் வரும் ஒரு ஆலோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரெண்டு கிழமைக்குள்ள எத்தனை இடத்தில போட்டாலும் ஒன்றாகத்தான் எடுப்பாங்கள்" என்பார்கள். அது அமெரிக்கா போன்ற நாட்டில், அதுவும் சில வகைக் கடனுக்கு உண்மை. ஃபைகோவின் புதிய முறைகளில் வீட்டுக் கடன், வாகனக் கடன், மாணவர் கடன் ஆகியவற்றுக்கு 45 நாளுக்குள் நடந்த ஒரே வகைக் கேள்விகளை ஒன்றாக எண்ணுவார்கள். பழைய முறைகளில் அது 14 நாள். கிரெடிட் கார்டுக்கு அந்தச் சலுகை அங்கேயும் இல்லை. அந்த விதியை நம்பி இங்கே நாலு படிவம் போடாதீர்கள். இங்கே அதிகாரி அறிக்கையைக் கையில் வைத்து வரி வரியாகப் பார்க்கிறார். நாலு கேள்வி நாலு வரியாகத்தான் தெரியும்.

அப்படியென்றால் வட்டியை ஒப்பிடுவது எப்படி? கேட்பதற்கும் விண்ணப்பிப்பதற்கும் நடுவில் ஒரு கையெழுத்து இருக்கிறது. வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, ஆவணச் செலவு எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கழிவு என்று பத்து இடத்தில் கேட்டாலும் கிறிப்பில் ஒன்றும் பதிவாகாது. எழுத்தில் ஒரு விலைக்கூற்றுத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். படிவத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், உங்கள் கொடுகடன் அறிக்கையைப் பெறச் சம்மதிக்கிறீர்கள் என்று ஒரு வரி இருக்கும். அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும் வரை நீங்கள் கேட்பவர் மட்டுமே. போட்டபின் விண்ணப்பதாரர். முகவர் கையில் வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே வேண்டாம். அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால், எந்தக் கம்பெனிக்கு, என்ன திகதிக்கு என்று பிரதியின் மேலேயே குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

விலைக்கூற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்து, அங்கே மட்டும் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுங்கள். crib.lk தளத்தில் இணையவழியாக எடுக்கலாம், வங்கிக் கிளை வழியாகவும் கேட்கலாம். கட்டி முடித்த பழைய லீசிங் இன்னும் நிலுவை என்று காட்டினால், அந்தக் கம்பெனியிடமோ கிறிப்பிடமோ எழுத்தில் முறையிட்டுத் திருத்தலாம். அது திருந்தியபின் விண்ணப்பித்தால் முதல் கேள்வியிலேயே காரியம் முடிய வாய்ப்புக் கூட. தம்பியைப் பிணைக்குக் கூப்பிட முன் அவரும் தன்னுடையதைப் பார்ப்பது நல்லது.

ஏற்கனவே நாலு கேள்வி விழுந்துவிட்டதா? நடந்த கேள்வி உண்மையாக இருந்தால் அழிக்க முடியாது. நீங்கள் சம்மதிக்காமல் யாரும் பார்த்திருந்தால் மட்டும் முறையிடலாம். மற்றபடி, ஐந்தாவது இடத்துக்குப் போகும்போது அந்த நாலு வரியையும் அதிகாரி கேட்க முன் நீங்களே சொல்லுங்கள்: ஒரே லான்ட்மாஸ்டருக்குத்தான், ஒன்றிலும் கடன் எடுக்கவில்லை என்று. வாயால் சொன்னால் போதாது. அந்த நாலு கம்பெனியிடமும் விண்ணப்பம் கைவிடப்பட்டது, கடன் வழங்கப்படவில்லை என்று ஒரு வரிக் கடிதம் கேட்டு வாங்கி, வாகனத்தின் விலைக்கூற்றோடு சேர்த்துக் கொடுங்கள். ஒளிந்திருக்கும் கடன் பற்றிய சந்தேகத்துக்கு அதுதான் நேரான பதில். கடிதம் கிடைக்கவில்லையென்றால் ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் எல்லா நிறுவனங்களின் விபரங்களும் கிறிப்புக்கு வந்துவிடும். புதுக் கடன் ஏதும் இல்லை என்பதை அறிக்கையே காட்டும். காலபோகத்துக்கு அது பிந்திவிடும் என்றால், இந்த முறை உழவுக்கு வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, சிறுபோகத்துக்கு முன் ஒரே ஒரு இடத்தில் விண்ணப்பிக்கலாம்.