சொல் விளக்கம்: தணிப்பு

குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் மின்னியல் படிக்க வரும் மாணவர்கள், ஆங்கிலப் பாடநூலில் ‘டாம்பிங்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘ஈரம்’ என்றே முதலில் பொருள்கொள்கிறார்கள். அகராதி அவர்களை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் ஈரம் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். தொடக்கத்தில் அது ஆவியையும் புகையையும், குறிப்பாகச் சுரங்கங்களில் மூச்சை அடைக்கும் நச்சுக்காற்றையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் ‘டாம்ப்ஃப்’ என்றால் இன்றும் ஆவிதான். மூச்சடைக்கும் காற்றிலிருந்து, தீயை மூச்சடைக்கச் செய்து அடக்குவது என்ற வினை பிறந்தது. பிறகு இசைக்கருவியின் தந்தி அதிர்வதை அடக்குவதற்கும், கடைசியாக எந்த அலைவும் ஓய்வதற்கும் அந்தச் சொல் வந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் புழங்குகின்றன. மேல்நிலை இயற்பியல் பாடநூல் ‘தடையுறு அலைவுகள்’ என்கிறது. வேறு சிலர் ‘ஒடுக்கம்’ என்கிறார்கள். நான் ‘தணிப்பு’ என்ற சொல்லுக்காக வாதாடுகிறேன். தீயும் தணியும், சினமும் தணியும், காய்ச்சலும் தணியும். இருந்த வேகம் படிப்படியாகக் குறைந்து ஓய்வதே தணிதல். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணிக்கும், போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் என்றே பெயர்க்காரணம் சொல்கிறார்கள்.

‘தடையுறு’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் மின்சுற்றிலேயே இருக்கிறது. மின்னியலில் ‘தடை’ என்பது ஏற்கெனவே ஓமில் அளக்கப்படும் ஓர் அளவின் பெயர். மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றும் தொடராக இணைந்த ஆர்.எல்.சி. சுற்றில் தடையைக் கூட்டினால் தணிப்பும் கூடும் என்பது உண்மை. அதே மூன்றையும் பக்க இணைப்பில் போட்டால் நிலைமை தலைகீழாகிறது: தடையைக் கூட்டக் கூட்டத் தணிப்பு குறையும். தொடர் சுற்றிலும்கூடத் தடை மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. 200 ஓம் என்பது அதிகத் தணிப்பா, குறைந்த தணிப்பா என்று கேட்டால், மின்தூண்டியும் மின்தேக்கியும் எவ்வளவு என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. தடை என்பது ஒரு பொருளின் பண்பு. தணிப்பு என்பது முழுச் சுற்றின் நடத்தை. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர் குழம்புவது உறுதி.

இந்த நடத்தைக்கு ‘இயல்பு மறுமொழி’ என்று பெயர். வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் தராமல், மின்தேக்கியிலோ மின்தூண்டியிலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டு மட்டும் சுற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. லெய்டன் சாடி என்ற பழைய மின்தேக்கியின் மின்னிறக்கம் அலைவாக நிகழக்கூடும் என்பதையும், எந்த நிபந்தனையில் அப்படி நிகழும் என்பதையும் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1853-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த நிபந்தனை இன்றும் ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களில்தான் இருக்கிறது:

```
s² + (R/L)s + 1/(LC) = 0
s = −α ± √(α² − ω₀²)
α = R/(2L),  ω₀ = 1/√(LC)
```

இதில் α தணிப்பின் வேகம்; ω₀ தடையே இல்லாவிட்டால் அலைவு நடக்கும் வேகம். ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்ப்போம். மின்தூண்டி 10 மில்லிஹென்றி, மின்தேக்கி 1 மைக்ரோஃபாரட். மின்தேக்கியில் 10 வோல்ட் இருக்கிறது; தொடக்கத்தில் மின்னோட்டம் இல்லை. ω₀ நொடிக்கு 10,000 ரேடியன் என்று வருகிறது. வர்க்கமூலத்துக்குள் இருப்பது சுழியாக வேண்டுமானால் தடை 2√(L/C), அதாவது 200 ஓம்.

இந்த 200 ஓம்தான் ‘மாறுநிலைத் தணிப்பு’. மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம் என்று பள்ளியில் படித்த அதே மாறுநிலை. இங்கே மாறுவது மூலங்களின் இயல்பு. இந்தப் புள்ளிக்கு ஒரு பக்கம் அவை மெய்யெண்கள், மறு பக்கம் கலப்பெண்கள். சரியாகப் புள்ளியில் இரண்டு மூலங்களும் −10,000 என்று ஒன்றாகிவிடுகின்றன. மின்னழுத்தம் சுழியைத் தாண்டாமல் இறங்கி, ஏறத்தாழ 0.66 மில்லிநொடியில் 0.1 வோல்ட்டை அடைகிறது.

தடையை 520 ஓம் ஆக்கினால் மூலங்கள் −2,000, −50,000 என்று இரண்டு வெவ்வேறு மெய்யெண்களாகப் பிரிகின்றன. இது ‘மிகைத் தணிப்பு’. மிகையாகத் தணித்தால் விரைவாக ஓயும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 0.1 வோல்ட்டுக்கு இறங்க 2.3 மில்லிநொடி ஆகிறது, மூன்று மடங்குக்கும் மேல். −50,000 என்ற மூலத்துக்குரிய பகுதி உடனே மறைந்துவிடுகிறது. −2,000-க்குரிய பகுதிதான் கடைசிவரை இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதன் கால மாறிலி 0.5 மில்லிநொடி. RC-யைப் பெருக்கிப் பாருங்கள்: 0.52 மில்லிநொடி. மின்தூண்டி ஏறக்குறைய இல்லாதது போலாகி, மின்தேக்கி வெறும் தடை வழியாக மெல்ல வடிகிறது என்பதே இதன் பொருள். தடையை இன்னும் கூட்டினால் அந்த மெதுவான மூலம் சுழியை இன்னும் நெருங்கும்.

56 ஓம் போட்டால் மூலங்கள் −2,800 ± j9,600. இது ‘குறைதணிப்பு’. ‘குறை’ என்றதும் குற்றம் என்று கொள்ள வேண்டாம்; மாறுநிலையைவிடக் குறைவு, அவ்வளவே. கற்பனைப் பகுதி 9,600 அலைவின் வேகத்தைச் சொல்கிறது, மெய்ப் பகுதி 2,800 அலைவு எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதைச் சொல்கிறது. 10 வோல்ட்டில் தொடங்கிய மின்னழுத்தம் சுழியைக் கடந்து −4 வோல்ட்டுக்குப் போய், 1.6-க்குத் திரும்பி, −0.64-க்குச் செல்கிறது. ஒவ்வொரு உச்சமும் முந்தையதன் 0.4 மடங்கு. அடுத்தடுத்த உச்சங்களுக்கு இடையே 0.33 மில்லிநொடி.

ஆய்வகத்தில் இதே சுற்றைக் கட்டினால் −4 வோல்ட் வருவதில்லை. பெரும்பாலும் சுழிக்குக் கீழே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சரிவே அலைகாட்டியில் தெரியும்; உடனே மின்தேக்கியின்மீது பழி விழும். பழிக்குரியது வேறு. மின்தேக்கியை மின்னேற்றி இறக்கப் பயன்படும் சமிக்ஞை ஆக்கியின் வெளியீட்டிலேயே வழக்கமாக 50 ஓம் இருக்கிறது. மின்தூண்டியின் கம்பிச்சுருளுக்கும் தடை உண்டு. அது 20 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 126 ஓம். அப்போது சரிவு −0.8 வோல்ட்தான். சமன்பாட்டில் உள்ள R என்பது நாம் செருகிய தடையல்ல, சுற்றில் உள்ள மொத்தத் தடை. இதே ஆய்வகத்தில் மாறுநிலைத் தணிப்பு வேண்டுமென்றால் 130 ஓம் மட்டும் செருக வேண்டும்.

மாறுநிலையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும் முடியாது. மொத்தத் தடை 180 ஓம் இருந்தால் மூலங்கள் கலப்பெண்கள்தான். ஆனால் சுழிக்குக் கீழே போவது 15 மில்லிவோல்ட் அளவுதான். 10 வோல்ட் முழுவதும் தெரியும்படி வைத்த திரையில் அது கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். அதனால் தடையை மெல்ல மாற்றி ‘அலைவு நின்ற இடம்’ என்று குறிப்பேட்டில் எழுதும் மதிப்பு எப்போதும் உண்மையான மாறுநிலைக்குக் கீழேயே விழும். குறைந்த தடையில் அலைவைத் தெளிவாக வரவழைத்து, அடுத்தடுத்த உச்சங்களின் விகிதத்திலிருந்தும் அவற்றின் இடைவெளியிலிருந்தும் α-வைக் கணக்கிடுவதே நல்ல வழி. சுருளின் தடையும் ஆக்கியின் தடையும் சேர்ந்த மொத்தம் அதிலிருந்து கிடைத்துவிடும். ஆக்கி தரும் சதுர அலையை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் அரைச் சுழற்சிக்கு 10 மில்லிநொடி கிடைக்கும்; அடுத்த தாவலுக்குள் மேற்சொன்ன மூன்று வகையும் முழுமையாகத் தணிந்துவிடும்.